வருமானத்தில் கழிப்பதா, வரியில் கழிப்பதா?

வருமான வரிச் சலுகைகள் இரண்டு இடங்களில் செயல்படுகின்றன. வரி கணக்கிடும் முன்பே வருமானத்திலிருந்து ஒரு தொகையை நீக்கினால் அது கழிவு. வரியைக் கணக்கிட்ட பிறகு, கட்டவேண்டிய அந்த வரியிலேயே குறைத்தால் அது வரித் தள்ளுபடி. வெளிநாடுகளில் டாக்ஸ் கிரெடிட் எனப்படுவது இந்த வகை. இந்தியச் சட்டத்தில் இதன் பெயர் ரிபேட்.

2024-25 நிதியாண்டின் பழைய வரிமுறையில், அறுபது வயதுக்குட்பட்ட இருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவரின் வருமானம் 8 லட்சம், மற்றவருடையது 15 லட்சம். இருவருமே பி.பி.எஃப். கணக்கில் 50,000 ரூபாய் போட்டு 80சி பிரிவில் கழிவு பெறுகிறார்கள். முதலாமவருக்கு அந்தத் தொகை 20 சதவீத வரி அடுக்கில் விழுவதால், வரி 72,500-இலிருந்து 62,500 ஆகிறது, மிச்சம் 10,000. இரண்டாமவர் 30 சதவீத அடுக்கில் இருப்பதால் அவருக்கு மிச்சம் 15,000. சேமித்தது ஒரே தொகைதான், ஆனால் அதிகம் சம்பாதிப்பவருக்கே அதிக லாபம். இதுவே 10,000 ரூபாய் தள்ளுபடியாக இருந்திருந்தால், இருவருக்கும் சரியாக 10,000 ரூபாயே குறைந்திருக்கும்.

2005-க்கு முன் நிலைமை ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. அப்போதைய 88-ஆம் பிரிவு, ஆயுள் காப்பீடு, பி.பி.எஃப். போன்ற சேமிப்புகளில் ஒரு சதவீதத்தை வரியிலிருந்தே குறைத்தது. வருமானம் கூடினால் அந்தச் சதவீதம் குறையும். கடைசி ஆண்டுகளில் 5 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு எதுவுமே கிடையாது. அதை நீக்கிவிட்டுத்தான் 80சி கழிவு வந்தது. மேல்தட்டுக்குச் சாதகமான மாற்றம் என்றே சொல்லவேண்டும்.

2024-25 நிதியாண்டில் கழிவும் தள்ளுபடியும் சந்தித்த இடம் 87ஏ பிரிவு. பழைய முறையில், கழிவுகள் போக வருமானம் 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் 12,500 ரூபாய் வரை வரி தள்ளுபடியாகும். வரி அதைவிடக் குறைவாக இருந்தால் வரி மட்டும் பூஜ்யமாகும். மீதி கைக்கு வராது.

5,40,000 ரூபாய் வருமானம் உள்ளவருக்கு, 4 சதவீத செஸ் சேர்க்காமல், வரி 20,500. அவர் 40,000 ரூபாய் சேமித்தால் வருமானம் சரியாக 5 லட்சமாகி, வரி 12,500 ஆகும். அது முழுவதும் தள்ளுபடியாகிவிடும். ஆக, 8,000 ரூபாய் மட்டுமே மிச்சப்படுத்த வேண்டிய கழிவு, தள்ளுபடிக்கும் வழி திறந்து 20,500 ரூபாயையும் காப்பாற்றுகிறது.

அவரே 39,000 மட்டும் சேமித்தால்? வருமானம் 5,01,000, வரி 12,700. எல்லையைச் சற்றே தாண்டியவர்களுக்குப் புதிய வரிமுறை தரும் நிவாரணம் பழைய முறையில் இல்லை. ஆயிரம் ரூபாய் குறைந்ததற்கு விலை 12,700 ரூபாய். 5 லட்சத்தை ஒட்டி வருமானம் உள்ளவர்கள் மார்ச் 31-க்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அதன்பின் போடும் பணம் அந்த ஆண்டுக் கணக்கில் சேராது.