கருத்துக் கேட்கும் தமிழ் எது?

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் பட்டாசுத் தொழிலைப் பற்றிப் பேச மக்களுக்கு அகராதி தேவையில்லை. ஆனால், ஊருக்கு அருகில் கல்குவாரி வரப்போகிறது என்று பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்படும்போது, அவர்கள் கைக்கு வரும் தமிழ் அவர்களுக்கே அந்நியமாகிவிடுகிறது.

பரப்பு 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட குவாரிக்கும், 500 மீட்டருக்குள் அமைந்து கூட்டாக அந்த அளவைத் தாண்டும் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் கருத்துக்கேட்பும் தேவை. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, மதிப்பீட்டின் சுருக்கம் ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் தரப்பட வேண்டும். அது பத்துப் பக்கங்களுக்கு மேற்படக் கூடாது. மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. முழு அறிக்கை பல நூறு பக்கங்கள் நீளக்கூடியது என்பதால், கிராமத்தார் படிக்க வாய்ப்புள்ளது இந்தச் சுருக்கம் மட்டுமே.

மொழிபெயர்ப்பு வேண்டும் என்பதில் இன்று சட்டச் சிக்கல் இல்லை. 2020-இல் வெளியான வரைவு அறிவிக்கையை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30-இல் உத்தரவிட்டது. ஆனால், மொழிபெயர்த்தால் மட்டும் போதாது; புரிய வேண்டும்.

இத்தகைய சுருக்கங்களின் நடையில் நான் அமைத்துக்கொண்ட ஒரு மாதிரி வாக்கியத்தைப் பார்ப்போம்: 'உத்தேசத் திட்டத்தினால் நுண்துகள்களின் கூடுதல் செறிவு கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமாக இருக்கும், ஒட்டுமொத்தச் செறிவு தேசியத் தரநிலைகளுக்கு உட்பட்டுள்ளது, உரிய தணிப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்.' இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால், இப்போது எவ்வளவு தூசு இருக்கிறது, வரம்பு எவ்வளவு, நடவடிக்கையை யார் எடுப்பார் என்ற மூன்றும் மறைந்திருக்கின்றன.

அறிக்கையின் அட்டவணையில் இப்போதைய அளவு 52 என்று இருப்பதாகக் கொள்வோம். எளிய தமிழில் இப்படி எழுதலாம்: 'உங்கள் ஊர்க் காற்றில் இப்போது ஒரு கன மீட்டருக்கு 52 மைக்ரோகிராம் நுண்தூசு இருக்கிறது. குவாரி வந்தால் அது 61 ஆகும் என்று கணித்திருக்கிறோம். அரசு விதித்த வரம்பு, ஒரு நாள் சராசரிக்கு 100. ஓர் ஆண்டுச் சராசரிக்கு 60. நாங்கள் அளந்தது ஒரு பருவத்தின் மூன்று மாதங்கள் மட்டுமே. தூசு அடங்க, லாரி செல்லும் மண்பாதையில் குவாரி உரிமையாளர் தண்ணீர் தெளிப்பார்.'

இப்போது கேள்விகள் தாமாக எழும். நாள் வரம்பை வைத்துப் பார்த்தால் 61 என்பது பாதுகாப்பானது. ஆண்டு வரம்பை வைத்துப் பார்த்தால் விளிம்பைத் தாண்டியது. மூன்று மாத அளவீட்டை ஆண்டுச் சராசரி என்று கொள்ள இயலாது என்பதும் உண்மையே. அப்படியானால் எந்த மாதங்களில் அளந்தார்கள் என்று கேட்கலாம். வறண்ட மாவட்டத்தில் தெளிக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்றும் கேட்கலாம். '3.5 கே.எல்.டி.' என்பதை 'நாளொன்றுக்கு 3,500 லிட்டர்' என்று எழுதிவிட்டால், அதைத் தம் ஊர்க் குடிநீர்த் தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க எவராலும் முடியும்.

சொல் தேர்விலும் ஊரறிவு வேண்டும். 'இடையக மண்டலம்' என்றால் யாருக்கும் விளங்காது. 'குவாரியைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர். உங்கள் ஊரும் இதற்குள்தான்' என்றால் விளங்கும். 'நீர்நிலைகள்' என்பதைவிட, கண்மாயையும் ஓடையையும் பெயர் சொல்லிக் குறிப்பதே சரி. 'வெடித்தல் நடவடிக்கை' என்ற தொடர் சிவகாசிப் பகுதியில் பட்டாசையோ விபத்தையோ நினைவூட்டும். 'பாறையைத் தகர்க்க வெடி வைத்தல்' என்றே எழுத வேண்டும்.

எளிமைக்கும் எல்லை உண்டு. 'பாதிப்பு இல்லை' என்பதும் 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்பதும் ஒன்றல்ல. சுருக்கும்போது இரண்டாவது முதலாவதாக மாறிவிடக் கூடாது. எண்ணையும் நிபந்தனையையும் கைவிட்டுப் பெறும் எளிமை விளம்பரமாகிவிடும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: திட்டத்தோடு தொடர்பில்லாத ஊரார் இருவரிடம் வரைவைப் படிக்கக் கொடுத்து, எது எவ்வளவு கூடும், அதை யார் குறைப்பார், தவறினால் யாரிடம் முறையிடுவது என்று சொல்லச் சொல்ல வேண்டும். அவர்கள் தடுமாறும் இடம், திருத்தி எழுத வேண்டிய இடம்.

ஏன் இத்தனை அக்கறை? கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்ற நிபந்தனை கிடையாது, வாக்கெடுப்பும் இல்லை. பேசியவை நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகும். எழுப்பப்பட்ட சுற்றுச்சூழல் கவலைகளுக்கு நிறுவனம் விடையளித்து, இறுதி அறிக்கையைத் திருத்த வேண்டும். 'குவாரி வேண்டாம்' என்ற குரலுக்குப் பொதுவான ஒரு பதிலை எழுதிவிட்டுக் கடந்துவிடலாம். 'மார்ச் மாதத்தில் 3,500 லிட்டர் எந்தக் கிணற்றிலிருந்து?' என்ற கேள்விக்குக் கிணற்றின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.