இரத்தம் கலந்த வயிற்றோட்டம்: அடைக்கிற மாத்திரையை ஏன் தொடக்கூடாது?



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, உயிர் தப்பியவர்கள் பாடசாலைக் கட்டடங்களிலும், பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் நெடுநாள் தங்க வேண்டியிருந்தது. பெரகலையைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் மழை கடுமையாகும் போதெல்லாம், லயத்தையும் தோட்டத்தையும் விட்டு இப்படி ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் கூட வேண்டியிருக்கிறது. ஒரு பீலி, இரண்டு மலசலகூடம், நூறு பேர் என்று வாழும் இடத்தில் முதலில் வந்து சேரும் நோய்களில் ஒன்று வயிற்றுளைவு. சீதபேதி, இரத்தக் கழிச்சல் என்றும் சொல்வோம். இதற்குப் பலரும் முதலில் தேடும் மருந்துதான் பிள்ளையை அதிக ஆபத்தில் தள்ளுகிறது என்பதைப் பற்றியே இம்முறை எழுதுகிறேன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பிள்ளை, நிறை 15 கிலோ. திங்கள் மாலை காய்ச்சல், வயிற்றுவலி. இரவில் வயிறு போகத் தொடங்குகிறது. விடிவதற்குள் பன்னிரண்டு முறை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் வருகிறது. ஆனால் சளியும் சிவப்பு இரத்தமும் கலந்திருக்கிறது. பிள்ளை முக்கி முக்கி அழுகிறது. போய் வந்த பிறகும் இன்னும் இருக்கிறது போன்ற கடுப்பு. பக்கத்துப் பாயிலிருக்கும் மாமா, "பாமசியிலே ஒரு மாத்திரை வாங்கிக் கொடுங்க, உடனே நிக்கும்" என்கிறார். அவர் சொல்வது லொப்பரமைட் என்ற மாத்திரை. லோமோட்டில் என்பதும் அதே இனம். நிற்கும் என்பது உண்மை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரணமான தண்ணீர் வயிற்றோட்டத்தில் பெரும்பாலும் சிறுகுடல் நீரைக் கொட்டுகிறது. உடம்பு வற்றிப்போவதுதான் அங்கே பெரிய ஆபத்து. வயிற்றுளைவு வேறு. 1897இல் ஜப்பானில் பெரிய கொள்ளைநோயாகப் பரவியபோது கியோஷி சிகா என்ற மருத்துவர் இதன் கிருமியைக் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே அது சிகெல்லா எனப்படுகிறது. இந்தக் கிருமி பெருங்குடலின் உள்தோலுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, தோலைப் புண்ணாக்குகிறது. அந்தப் புண்ணிலிருந்து வருவதே இரத்தமும் சளியும். ஆகவே மலம் குறைவாகவும், போகும் தடவை அதிகமாகவும் இருக்கிறது.

குடல் அடிக்கடி அசைந்து வெளியே தள்ளுவது நமக்குத் துன்பம்தான். ஆனால் உள்ளே இருக்கும் கிருமியையும் அழுக்கையும் உடம்பு அப்படித்தான் வெளியேற்றுகிறது. லொப்பரமைட் அந்த அசைவை மந்தமாக்குகிறது. கிருமியை அது ஒன்றும் செய்வதில்லை. அடைமழை நேரத்தில் காணை மண்ணால் அடைத்தால் முற்றத்தில் தண்ணீர் தெரியாது. ஆனால் மண் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். அதுபோலத்தான் இதுவும்.

இது வெறும் ஊகம் அல்ல. 1973இல் அமெரிக்காவில் டியூபொன்ட், ஹோர்னிக் என்ற இரு மருத்துவர்கள், சிகெல்லா நோய் வரச் செய்யப்பட்ட தொண்டர்களில் லோமோட்டிலைச் சோதித்து எழுதினார்கள். அந்த மருந்தை எடுத்தவர்களுக்குக் காய்ச்சல் அதிக நேரம் நீடித்தது. கிருமியை ஒழிப்பதும் கடினமாயிற்று. பாகிஸ்தானில் வயிற்றோட்டத்துக்கு லொப்பரமைட் சொட்டு மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் சிலருக்குக் குடல் அசைவே நின்று, வயிறு வீங்கி, உயிர் போனது. அதன்பின் 1990இல் குழந்தைகளுக்கான அந்தச் சொட்டு மருந்து விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1993இல் தாய்லாந்தில், வயிற்றுளைவு வந்த பெரியவர்களுக்குச் சரியான நுண்ணுயிர்கொல்லியுடன் சேர்த்து லொப்பரமைட் கொடுத்துப் பார்த்தார்கள். கெடுதி தெரியவில்லை, வயிற்றோட்டம் சீக்கிரம் குறைந்தது. ஆனால் அவர்கள் பெரியவர்கள், மருத்துவரின் கண்பார்வையில் இருந்தவர்கள், கிருமியைக் கொல்லும் மருந்தும் கூடவே உள்ளே போனது. கடையில் வாங்கிய தனி மாத்திரைக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது.

மாமாவின் மாத்திரையைக் கொடுத்தால் செவ்வாய் மாலைக்குள் பன்னிரண்டு தடவை இரண்டாகக் குறையலாம். வீட்டார் நிம்மதி அடைவார்கள். ஆனால் காய்ச்சல் இறங்காது. வயிறு மெல்ல உப்பித் தட்டினால் பறைபோல் ஒலிக்கும். பிள்ளை வாந்தி எடுக்கும், சோர்ந்து கிடக்கும். வயிற்றோட்டம் நின்ற பின்பும் காய்ச்சலும் வயிற்று உப்பலும் இருந்தால் அது சுகமல்ல. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அடையாளம்.

எப்போது நுண்ணுயிர்கொல்லி?

நுண்ணுயிர்கொல்லி என்பது நாம் அன்டிபயோட்டிக் என்று சொல்லும் மருந்து. இதை இரண்டு பக்கமும் தவறாகவே பயன்படுத்துகிறோம். தண்ணீராகப் போகும் சாதாரண வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் இது தேவையில்லை; ஜீவனியும் நாகச்சத்து மாத்திரையும் சாப்பாடும் போதும். ஆனால் மலத்தில் கண்ணுக்குத் தெரியும் இரத்தம் இருந்தால், குறிப்பாகக் காய்ச்சலும் இருந்தால், அதைச் சிகெல்லா என்று கொண்டு மருந்து தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை.

2005இன் வழிகாட்டலில் முதல் மருந்து சிப்ரோபுளொக்சசின். பிள்ளையின் நிறைக்குக் கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு இரு தடவை, மூன்று நாள். நமது 15 கிலோப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 225 மில்லிகிராம் கணக்கு வரும். ஆகவே 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, காலையும் மாலையும், மூன்று நாளில் ஆறு மாத்திரை. இதை நான் சொல்வது நீங்களே வாங்கிக் கொடுப்பதற்காக அல்ல. டாக்டர் ஏன் பிள்ளையை நிறுக்கிறார், ஏன் ஆறு மாத்திரையையும் முடிக்கச் சொல்கிறார் என்று விளங்குவதற்காக. இரண்டாம் நாளில் பிள்ளை விளையாடத் தொடங்கியதும் மிச்சத்தைப் பெட்டியில் வைத்துவிட்டால், சாகாத கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

பழகிய கிருமி என்ன செய்யும் என்பதை 1994இல் உலகம் பார்த்தது. ருவாண்டாவிலிருந்து ஓடி கோமா என்ற இடத்தில் தங்கிய அகதிகளிடையே ஜூலையில் வாந்திபேதியும், அதன் பின்னாலேயே சிகெல்லாவும் பரவின. அதுவரை வழக்கமாகக் கொடுத்த மாத்திரைகளில் பல அங்கே வேலை செய்யவில்லை. நமது தெற்காசியாவிலும் பழைய மருந்துகளான அம்பிசிலின், கோட்ரைமொக்சசோல், நாலிடிக்சிக் அமிலம் ஆகியவற்றுக்குக் கிருமி பழகிவிட்டது. பல இடங்களில் சிப்ரோபுளொக்சசினுக்கும் பழகி வருவதால், டாக்டர் அசித்ரோமைசின் தரலாம். கடுமையான நோய்க்கு செஃப்ட்ரயக்சோன் ஊசி போடலாம். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த மருந்து நமக்கும் சரியாக இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

நம் ஊரில் பலர் வாங்கிப் போடும் மெட்ரொனிடசோல் பற்றியும் ஒரு வார்த்தை. அது அமீபா என்ற வேறு கிருமிக்கானது, சிகெல்லாவைக் கொல்லாது. பிள்ளைகளின் திடீர் இரத்தக் கழிச்சலுக்கு அமீபா காரணமாவது குறைவு.

48 மணி நேரக் கணக்கு

மருந்து சரியா என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். முதல் மாத்திரை கொடுத்த நேரத்தைச் சுவரில் எழுதுங்கள். அதிலிருந்து 48 மணி நேரம் எண்ணுங்கள். அதற்குள் காய்ச்சல் இறங்க வேண்டும், இரத்தம் குறைய வேண்டும், தடவை குறைய வேண்டும், பசி திரும்ப வேண்டும். முழுதும் நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. நம் பிள்ளை செவ்வாய் காலை பத்து மணிக்கு மருந்தைத் தொடங்கி, வியாழன் காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு தடவை ஐந்தாகி, கஞ்சி கேட்டால் மருந்து வேலை செய்கிறது. அன்றும் அதே காய்ச்சல், அதே இரத்தம் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கவில்லை. அப்போது அதையே நீட்டிக்காமல் டாக்டரிடம் திரும்பிப் போய் மாற்ற வேண்டும். மலப் பரிசோதனை கேட்டால், புதிய மலத்தைத் தாமதமின்றிக் கொடுங்கள். வெளியே வந்ததும் இந்தக் கிருமி சீக்கிரம் செத்துவிடும். முடிந்தால் மருந்தைத் தொடங்கும் முன்பே எடுத்துக் கொடுப்பது நல்லது.

மருந்துடன் ஜீவனியும் வேண்டும். ஒரு பைக்கற்றுக்கு, கொதித்தாறிய தண்ணீர் சரியாக ஒரு லீற்றர். ஒவ்வொரு தடவை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வயிறு போகிறது என்று பட்டினி போடுவதும் கூடாது. வயிற்றுளைவில் மெலிவு பெரிய எதிரி. நாகச்சத்து மாத்திரை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள்.

சில பிள்ளைகளுக்கு 48 மணி நேரம் காத்திருக்கவே கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை, மிகவும் மெலிந்த பிள்ளை, அண்மையில் சின்னமுத்து வந்த பிள்ளை ஆகியோரை முதல் நாளே வைத்தியசாலையில் காட்ட வேண்டும். வலிப்பு, மயக்கம், குடிக்க முடியாமை, வயிற்று உப்பல் இருந்தால் தியத்தலாவை அல்லது பதுளை வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோக வழி பாருங்கள். வயிறு தேறும் நேரத்தில் பிள்ளை வெளிறி, முகம் வீங்கி, சிறுநீர் குறைந்தால் அதுவும் அவசரம். சிகாவின் கிருமி சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஒரு வீட்டுடன் நிற்பதில்லை

பத்து முதல் நூறு கிருமிகள் உள்ளே போனாலே இந்நோய் வரலாம். ஆகவே தண்ணீர் மட்டுமல்ல, கழுவாத கையே போதும். நோயாளியைக் கழுவிய பிறகும், சமைக்கும் முன்பும், ஊட்டும் முன்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வயிற்றுளைவு உள்ளவர் பொதுச் சமையலில் கைவைக்க வேண்டாம். அவருடைய துணியைப் பீலியடியில் அலசாமல், தனியாக வாளியில் எடுத்துக் கழுவுங்கள்.

வயிற்றுளைவு நம் நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேருக்கு இரத்தம் போனால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ அன்றே சொல்லுங்கள். எத்தனை பேர், எந்த நாளில் தொடங்கியது, எந்தப் பீலித் தண்ணீர் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால், அவர்கள் தேட வேண்டிய இடம் பாதி தெரிந்துவிடும்.