மூன்றில் ஏறி ஏழில் இறங்கினால் எவ்வளவு?

கொச்சிக்கு வேலைக்கோ மருத்துவத்துக்கோ போகிறவர்களுக்கு அங்குள்ள சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கும் படங்களில் பஸ் கட்டணப் பட்டியலும் ஒன்று. திறந்து பார்த்தால் ஊர்ப்பெயர்கள் படிக்கட்டு போலச் சரிந்து இறங்கும். பக்கத்தில் முக்கோண வடிவத்தில் எண்கள். அதில் நமக்கான தொகை எது என்று கண்டுபிடிப்பதற்குள் பஸ்ஸே வந்துவிடும். ஆனால் அந்த முக்கோணத்துக்குள் இருப்பது ஒரே ஒரு எளிய கணக்குதான். அது பிடிபட்டுவிட்டால், படம் பாதி மங்கலாக இருந்தாலும் கட்டணத்தை நாமே சொல்லிவிடலாம்.

கேரளத்தில் சாதாரண பஸ்களுக்கான கட்டணத்தை மாநில அரசு நிர்ணயிக்கிறது. 2022 மே 1 முதல் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். இந்தப் பத்து ரூபாயில் இரண்டரை கிலோமீட்டர் போகலாம். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். ஆனால் கண்டக்டர் நம் பயணத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை. வழித்தடத்தை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டருக்கு ஒன்றாகத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டின் எல்லையிலும் ஒரு நிறுத்தத்தை ‘ஸ்டேஜ்’ என்று குறித்திருக்கிறார்கள். நாம் எத்தனை துண்டு கடக்கிறோம் என்பதுதான் கணக்கு.

ஒரு துண்டுக்கு 10 ரூபாய். இரண்டாவது துண்டுக்கு இன்னும் இரண்டரை ரூபாய் சேர்ந்து பன்னிரண்டரை ஆகும். ஐம்பது காசை முழு ரூபாயாக்கி 13 வாங்குவார்கள். மூன்றுக்கு 15. நான்குக்குப் பதினேழரை, அதாவது 18. அப்புறம் 20, 23, 25 என்று இரண்டும் மூன்றுமாக மாறி மாறி ஏறும். முக்கோணம் முழுக்க நிறைந்திருப்பவை இந்த எண்கள்தான்.

இப்போது படத்துக்கு வருவோம். ஏறும் ஸ்டேஜின் பெயருக்கு நேர் கீழே உள்ள பத்தியில் விரலை வைத்து இறக்குங்கள். இறங்கும் ஸ்டேஜின் பெயர் இருக்கும் வரிசை வந்ததும் நிறுத்துங்கள். அந்தக் கட்டத்தில் இருப்பதுதான் கட்டணம். திரும்பி வரும்போதும் அதே கட்டம்தான். முக்கோணத்தின் மறுபாதியை அச்சிடாமல் விட்டிருப்பதற்குக் காரணம் அதுவே.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது ஸ்டேஜில் ஏறி ஏழாவது ஸ்டேஜில் இறங்குகிறீர்கள். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று விரல்விட்டு எண்ணினால் ஐந்து வரும். பலரும் தவறுவது இங்கேதான். நாம் பணம் கொடுப்பது பெயர்களுக்கு அல்ல, பெயர்களுக்கு நடுவில் உள்ள தூரத்துக்கு. ஏழில் மூன்று போனால் நான்கு. ஆகவே கட்டணம் 18 ரூபாய். ஐந்து என்று எண்ணியவர் இருபதை எடுத்து நீட்டுவார். பெயர்களை ஒட்டி இருக்கும் ஓரக் கட்டங்களைக் கூட்டிக்கொண்டு போவது இன்னொரு தவறு. அப்படிக் கூட்டினால் நான்கு பத்து நாற்பது ஆகிவிடும். குறைந்தபட்சக் கட்டணம் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு முறைதான் சேரும். இதே காரணத்தால், நடுவில் ஐந்தாவது ஸ்டேஜில் இறங்கி வேறு பஸ் பிடித்தால் 13-ம் 13-ம் சேர்ந்து 26 ரூபாய் ஆகும். நேர் பஸ் சற்றுத் தாமதமாக வந்தாலும் காத்திருப்பதில் லாபம் உண்டு.

நம்முடைய நிறுத்தத்தின் பெயரே பட்டியலில் இல்லையென்றால்? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஏனென்றால் இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் வேறு நிறுத்தங்களும் வந்துவிடும். அங்கே ஏறுகிறவருக்குப் பஸ் கடந்து வந்த ஸ்டேஜிலிருந்து கணக்கு தொடங்கும். நடுவில் இறங்குகிறவருக்கு அடுத்து வரப்போகும் ஸ்டேஜ் வரை கணக்கு போகும். இரண்டு முனையிலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் கொடுக்கிறோம்.

மூன்றாவது ஸ்டேஜைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில் ஏறி, ஆறாவது ஸ்டேஜைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில் இறங்குபவரைப் பாருங்கள். அவர் பஸ்ஸில் போகும் தூரம் ஏழு கிலோமீட்டர். தூரத்தை மட்டும் பார்த்தால் பதினான்கரை ரூபாய், அதாவது 15 ஆக வேண்டும். ஆனால் மூன்றிலிருந்து ஏழு வரை என்று 18 ரூபாய்க்கு டிக்கெட் கிழிப்பார்கள். கண்டக்டர் ஏமாற்றவில்லை, விதி அப்படி. அவரே ஆறாவது ஸ்டேஜில் இறங்கி மீதி ஒரு கிலோமீட்டரை நடந்தால் 15 ரூபாயோடு முடியும். தினமும் போய்வருகிறவருக்கு இந்த மூன்று ரூபாய் சின்னத் தொகை அல்ல. ஸ்டேஜ் எந்த நிறுத்தத்தில் விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாடகை வீடு பார்க்கக் கூடாது என்றே நான் சொல்வேன்.

கடைசியாகப் படத்தை நம்பலாமா என்பது. 2022 மே மாதத்துக்கு முன் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாய், கிலோமீட்டருக்கு 90 காசு. அந்தக் கணக்கில் அடுத்தடுத்த தொகைகள் 8, 10, 13, 15 என்று வரும். இன்றைய தொகைகள் 10, 13, 15, 18. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: 10, 13, 15 என்ற அதே எண்கள் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு அந்த 8 மறைந்துபோனால், பழைய பட்டியலைப் புதியது என்றே நம்பிவிடுவோம். இதற்கு ஒரு சோதனை உண்டு. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஜ்களுக்கு உரிய கட்டத்தைத் தேடுங்கள். அதில் 10 இருந்தால் இன்றையது, 8 இருந்தால் பழையது. அந்தக் கட்டம் படத்தில் இல்லையென்றால், ஸ்டேஜ் எண்களைக் கழித்துக் கிடைக்கும் துண்டுகளை 10, 13, 15, 18 வரிசையோடு ஒப்பிடுங்கள். கட்டத்தில் இருக்கும் தொகையும் நீங்கள் போட்ட கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் விரல் பக்கத்து வரிசைக்கு நழுவியிருக்கும், அல்லது பட்டியல் பழையதாக இருக்கும். துண்டின் நீளம் எல்லா இடத்திலும் துல்லியமாக இரண்டரை கிலோமீட்டர் அல்ல என்பதால், வரைபடத்தில் தூரத்தை அளந்து பார்த்துக் கண்டக்டரிடம் சண்டைக்குப் போகவும் கூடாது.

இத்தனையும் சாதாரண பஸ்ஸுக்கு மட்டும்தான். சூப்பர் ஃபாஸ்ட், ஏசி பஸ்களுக்குத் தொடக்கக் கட்டணமே அதிகம். அவற்றுக்கான பட்டியல் தனி. எந்த வகை பஸ், எந்தத் தேதியிலிருந்து இந்தக் கட்டணம் என்ற இரண்டும் பட்டியலின் தலைப்பில்தான் இருக்கும். படம் எடுத்து அனுப்புகிறவர்கள் எண்கள் பெரிதாகத் தெரியட்டும் என்று முதலில் வெட்டிவிடுவதும் அந்தத் தலைப்பைத்தான். தயவுசெய்து அதை வெட்டாமல் அனுப்புங்கள்.