ஜகாத்: நாற்பதில் ஒரு பங்கு எந்தத் தொகைக்கு?

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்றான ஜகாத், வருமானத்தின் மீது விதிக்கப்படுவதல்ல. செலவு போக மிஞ்சி நிற்கும் செல்வத்தின் மீது விதிக்கப்படுவது. பணம், தங்கம், வெள்ளி, வணிகச் சரக்கு ஆகியவற்றுக்கு நாற்பதில் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 2.5 சதவீதம் கொடுக்க வேண்டும். விளைச்சலுக்கும் கால்நடைக்கும் தனி விகிதங்கள் உண்டு. விகிதம் மாறாதது என்பதால், எந்தத் தொகைக்கு 2.5 சதவீதம் என்பதைக் கண்டறிவதே கணக்கின் பெரும்பகுதி.

வரம்பும் ஆண்டும்

குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாகச் செல்வம் வைத்திருப்பவர் மீது ஜகாத் கடமையாகாது. நிஸாப் எனப்படும் அந்த வரம்பு, தங்கத்தில் 20 மிஸ்கால், வெள்ளியில் 200 திர்ஹம். இந்திய வழக்கில் இவை 87.48 கிராம் தங்கம் (ஏறக்குறைய 11 பவுன்), 612.36 கிராம் வெள்ளி என்று கொள்ளப்படுகின்றன. இன்றைய விலையில் வெள்ளி வரம்பு தங்க வரம்பைவிட மிகவும் குறைவு. ரொக்கமும் நகையும் சரக்கும் கலந்து வைத்திருப்பவருக்கு ஹனஃபி அறிஞர்கள் பெரும்பாலும் வெள்ளி வரம்பையே சொல்கிறார்கள்.

செல்வம் முதன்முதலில் வரம்பைத் தொட்ட பிறைத் தேதியே ஒருவரின் ஜகாத் தேதி. அடுத்த ஆண்டு அதே தேதியில் கையிருப்பைக் கணக்கிட வேண்டும். ஹனஃபி சட்டப்படி, தொடக்கத்திலும் முடிவிலும் வரம்புக்கு மேல் இருந்தால் போதும். நடுவில் முற்றிலும் தீர்ந்துபோகாதவரை ஏற்ற இறக்கம் பொருட்டல்ல. முந்தைய மாதம் வந்த பணமும் மொத்தத்தோடு சேரும். ஒவ்வொரு தொகைக்கும் தனியாக ஓராண்டு எண்ண வேண்டியதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

துணிக்கடை நடத்தும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காகத் தங்கம் கிராம் 10,000 ரூபாய், வெள்ளி கிராம் 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வெள்ளி வரம்பு ஏறக்குறைய 73,500 ரூபாய். ஜகாத் தேதியன்று அவரிடம் இருப்பவை:

- வங்கிச் சேமிப்பு: 2,40,000
- கைரொக்கம்: 15,000
- திரும்பி வருவது உறுதியான கைமாற்று: 50,000
- கடைச் சரக்கு, அன்றைய விற்பனை விலையில்: 3,60,000
- 15 பவுன் நகை (120 கிராம்): 12,00,000

மொத்தம் 18,65,000 ரூபாய். மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய 85,000 ரூபாயைக் கழித்தால் 17,80,000. இதில் 2.5 சதவீதம் 44,500 ரூபாய். குடியிருக்கும் வீடு, ஓட்டும் வண்டி, கடையின் அலமாரி, தையல் இயந்திரம் ஆகியவை விற்பனைக்கு உரியவை அல்ல என்பதால் கணக்கில் வராது. நகைக்குத் தங்கத்தின் மதிப்பு மட்டுமே. செய்கூலியும் பதித்த கல்லும் சேராது.

இது ஹனஃபி வழிக் கணக்கு. ஷாஃபி சட்டத்தில் பெண் வழக்கமாக அணியும் அளவான நகைக்கு ஜகாத் இல்லை. அதன் வலுவான கருத்துப்படி கடனும் கழிக்கப்படாது. அப்போது மீதமுள்ள 6,65,000 ரூபாய்க்கு 16,625 ரூபாய்தான் வரும். தமிழகத்தில் இரு பிரிவினரும் இருப்பதால், ஒரே ஊரில் ஒரே அளவு சொத்துள்ள இருவரின் தொகை வேறுபடலாம்.

தவறும் இடங்கள்

ஜகாத் தனிநபர் கடமை. கணவரின் சேமிப்பையும் மனைவியின் நகையையும் ஒரே சொத்தாகக் கூட்டுவது தவறு. அவரவருக்குத் தனி வரம்பு, தனிக் கணக்கு. விரும்பினால் மனைவியின் ஒப்புதலுடன் அவர் சார்பில் கணவர் செலுத்தலாம்.

அடுத்தது ஆங்கிலத் தேதி. பிறை ஆண்டு ஏறக்குறைய 354 நாள். ஏப்ரல் 1 போன்ற தேதியை நிலையாக வைத்துக்கொண்டு 2.5 சதவீதமே கொடுத்தால், ஆண்டுதோறும் சுமார் 11 நாளுக்கு உரியது விடுபடும். அதை ஈடுசெய்ய 2.577 சதவீதம் கொள்ளப்படுகிறது. மேற்கண்ட 17,80,000 ரூபாய்க்கு இது ஏறக்குறைய 45,870 ரூபாய். 1,370 ரூபாய் கூடுதல்.

மூன்றாவது, கொடுக்கும் இடம். குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் ஏழைகள், கடனாளிகள், வழிப்போக்கர்கள் உள்ளிட்ட எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பது ஜகாத்தாகாது என்கிறது ஹனஃபி சட்டம். தேவையுள்ள உடன்பிறந்தவர்களுக்குக் கொடுக்கலாம். தொகை பெறுபவரின் உடைமையாக வேண்டும் என்பதால், பள்ளிவாசல் கட்டடத்துக்குத் தரும் பணமும் இதில் சேராது. அது தனி நன்கொடை.

முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுக்க இயலாதவர், ஜகாத் தேதிக்கு முன்பே மாதத் தவணையாகக் கொடுத்து வரலாம். 44,500 ரூபாயை எதிர்பார்ப்பவர் மாதம் 3,700 ரூபாய் கொடுத்தால் ஆண்டில் 44,400 ஆகும். தேதியன்று உண்மைக் கணக்கைப் போட்டு, குறைந்ததை மட்டும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆண்டின் கடமை நிறைவேறும்.