ஓசியில் தங்கினாலும் அது விளம்பரம்தான்!

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் ஒரு விடுதி இரண்டு நாள் இலவசமாகத் தங்க இடம் தருகிறது. பதிலுக்கு 60 விநாடி ரீல்ஸ் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘காசே வாங்கலையே, இது எப்படி விளம்பரம்?’ என்று தோன்றலாம். மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இலவசத் தங்கலையும் வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும்.

எப்படிச் சொல்வது? ‘விளம்பரம்’ என்ற சொல் வீடியோவின் மேலேயே தெரிய வேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் விதிப்படி, இரண்டு நிமிடத்துக்குட்பட்ட இதுபோன்ற வீடியோவில் மூன்றில் ஒரு பங்கு நேரம், அதாவது 20 விநாடி, அது திரையில் இருக்க வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைத்தால் செல்லாது.

மக்களைத் தவறாக வழிநடத்திய விளம்பரம் என்று முடிவானால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். ஓசி அறைக்கு இது ரொம்பப் பெரிய வாடகை!