தீர்ப்பு பாதகமானால் எந்தக் கதவு?

ஒரு நில வழக்கை எடுத்துக்கொள்வோம். மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் பிரதிவாதி தோற்றுவிட்டார். தீர்ப்பே தவறு என்றால் அவர் செய்ய வேண்டியது மேல்முறையீடு. அடுத்த நீதிமன்றம் சாட்சியத்தையும் சட்டத்தையும் முழுதாக அலசும். கெடு 30 நாள். வழக்கில் தரப்பினராக இல்லாதவரும், தீர்ப்பால் பாதிக்கப்பட்டால், அனுமதி பெற்று மேல்முறையீடு செய்யலாம்.

எவ்வளவு தேடியும் அப்போது கிடைக்காத கிரயப் பத்திரம் இப்போது கிடைத்தால்? மேல்முறையீடு செய்யாதவர், அதே நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மறுஆய்வு கேட்கலாம். பதிவேட்டிலேயே பளிச்சென்று தெரியும் பிழைக்கும் இது பொருந்தும். பழைய வாதத்தையே மறுபடி சொன்னால் தள்ளுபடிதான்.

சீராய்வு வேறு. வழக்குரையை நிராகரிக்கக் கோரிய பிரதிவாதியின் மனு தள்ளுபடியானால், அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம். நீதிமன்றம் தானாகவும் ஆவணங்களை வரவழைக்கலாம். ஆனால் அங்கே பார்ப்பது அதிகார வரம்பு மீறலையும் நடைமுறைப் பிழையையும்தான். 2002 முதல், மனுதாரர் கேட்டபடி உத்தரவு வந்திருந்தால் வழக்கே முடிந்திருக்கும் என்ற நிலையில்தான் இது செல்லும்.

மேல்முறையீடு போட்டாலே தீர்ப்பு நின்றுவிடாது; தடையாணையைத் தனியாகக் கேளுங்கள்.