நீயா, நீரா, நீங்களா?

மனம் நாடிய ஒருத்தியோடு புதிதாக உரையாடத் தொடங்கும் யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று சொற்கள் உண்டு. முதலில் 'நீங்கள்' என்பதே தகும். 'நீ' என்பது சிறுவர்க்கும் நெடுநாள் உரிமையுடையார்க்கும் உரியது. நடுவே நிற்கும் 'நீர்' மரியாதை குன்றாமலே நெருக்கங் காட்டுவது.

'எப்ப வந்தனீங்கள்?' என்று கேட்டுப் பழகியவன் ஒருநாள் 'எப்ப வந்தனீர்?' என்பானாயின், அவ்விகுதியே அவன் உள்ளத்தை உரைத்துவிடும். அவளும் 'நீர்' என்று விடையிறுத்தால் இசைவெனக் கொள்ளலாம். அவள் 'நீங்கள்' என்றே நின்றாலும் மறுப்பென்று முடிவுகட்டலாகாது. கணவன் 'நீர்' என்ன, மனைவி 'நீங்கள்' என்னும் பழைய வழக்கம் நம்மிடை உண்டு. நமக்கு அஃது உவப்பன்று. அவள் பேச்சுச் சுருங்கியதா என்பதையே நோக்கல் வேண்டும். துணிவில்லாதார் 'சாப்பிட்டாச்சோ?' என்று ஆளைச் சுட்டாமற் கேட்டுத் தப்புவர். அவ்வுபாயம் நெடுநாள் செல்லாது.

மறுமுனையில் இருப்பவர் சென்னையாராயின் 'நீர்' உதவாது. அங்கே அது நாடகத்து அரசர் பேச்சாகவே பலர் செவியில் ஒலிக்கும். 'நீங்க' என்பதிலிருந்து 'நீ'க்கு ஒரே தாவலாகத் தாவவேண்டியிருப்பதால், கேட்டுவிட்டுத் தாவுவதே நன்று என்போம். நெருங்கிப் பழகியபின் திடீரென 'நீங்கள்' திரும்பி வந்தால், எவ்வூராயினும் அது கோபமே.